பயிற்சிக் கடிதத்தில் "வேலை உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி போட்டால் போதுமா?

ஹட்டன்_ஆபீஸ் | 2025 ஜூன் 3, இரவு 8.40

எங்கள் கணக்கு ஆபீஸில் மொத்தம் ஏழு பேர். ஜூலை 1ஆம் திகதி எச்.என்.டி.ஏ. கணக்கியல் டிப்ளோமா படிக்கும் ஒரு பிள்ளை ஆறு மாதப் பயிற்சிக்கு வருகிறா. கடிதம் எழுதுற வேலை என் தலையில். பொஸ் சொன்னது இவ்வளவுதான்: "முடிஞ்சதும் வேலை தா என்று நிக்கக் கூடாது, அது தெளிவா இருக்கட்டும்." நான் எழுதியது கீழே. எங்கே ஓட்டை என்று சொல்லுங்க.

"தங்களை 2025.07.01 முதல் ஆறு மாத காலத்துக்குப் பயிலுனராக இணைத்துக்கொள்கிறோம். மாதாந்தக் கொடுப்பனவு ரூபா 15,000. தங்கள் திறமையைப் பொறுத்து பயிற்சிக் காலம் நீடிக்கப்படலாம் அல்லது தாங்கள் நிரந்தரமாக உள்வாங்கப்படலாம். பயிற்சியின் பின் தொழில் உத்தரவாதம் அளிக்கப்பட மாட்டாது. காலத்துக்குக் காலம் வழங்கப்படும் ஏனைய கடமைகளையும் செய்தல் வேண்டும்."

தேயிலைத்தூள் | ஜூன் 3, இரவு 9.05

உத்தரவாதம் இல்லை என்ற வரி இருக்குதானே, போதும். பயிலுனர் என்று எழுதியாச்சு என்றால் அவ ஊழியர் இல்லை. தொழில் சட்டம் எதுவும் ஒட்டாது, ஈ.பி.எஃப். இல்லை, எதுவும் இல்லை. சும்மா பயப்படாதீங்க.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 3, இரவு 10.20

தூள் சொன்னதில் சரியானது ஒன்றுதான்: பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மற்றதை நம்பி யாரும் கடிதம் எழுதாதீங்க.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி யார் என்று சொல்லும் இடத்தில் சேவை ஒப்பந்தமும் வருகிறது, தொழில் பழகும் ஒப்பந்தமும் வருகிறது. எழுத்தில் இருந்தாலும் வாயால் பேசியிருந்தாலும் ஒன்றுதான். ஆகவே பயிலுனர் என்ற பெயரை ஒட்டினால் வெளியே நிற்கலாம் என்பது கிடையாது.

அதே சட்டத்தின் 31ஆ பிரிவு தொழில் நியாய சபைக்கு ஒரு அதிகாரம் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் சபை நிவாரணம் கொடுக்கலாம். அப்படியென்றால் "உத்தரவாதம் இல்லை" என்ற வரியை மட்டும் தூக்கிக் காட்டித் தப்ப முடியாது. அந்த வரி உண்மைதானா என்று கடிதத்தின் மற்ற வரிகளையும், அந்தப் பிள்ளை ஆறு மாதமும் என்ன செய்தா என்பதையும் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் அந்த வரியை வெட்டுவது அதற்கு முந்தின வரிதான். "திறமையைப் பொறுத்து நிரந்தரமாக உள்வாங்கப்படலாம்" என்று ஆசை காட்டிவிட்டு, அடுத்த வரியில் கையை விரிக்கிறீங்க. திறமை இருந்தது, நானே நிரூபித்தேன் என்று அவ நின்றால் என்ன சொல்வீங்க?

பசறை_பொண்ணு | ஜூன் 4, காலை 7.15

ஆனா அண்ணே, பயிலுனர் எல்லாரையும் நிரந்தரமாக்கினாங்களே? 2020இல் எடுத்த பட்டதாரி பயிலுனர்களுக்கு மாதம் 20,000 கொடுத்தாங்க, பிறகு நியமனமும் வந்தது. எங்க பக்கத்திலேயே எத்தனை பேர். அப்போ இந்த ஹட்டன் பிள்ளையும் கேட்கலாம்தானே?

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 4, காலை 8.02

தங்கச்சி, அது அரசாங்கத் திட்டம். வேலையில் சேர்ப்பதற்கென்றே பயிற்சியில் எடுத்தாங்க. இங்கே நடப்பது டிப்ளோமாவுக்குத் தேவையான பயிற்சி. பெயர் ஒன்று, சங்கதி வேறு. ஆனா நீங்க கேட்டது நல்லது. ஊரில் பயிலுனர் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரங்க நினைப்பது நீங்க நினைத்ததைத்தான். அதனாலேதான் கடிதத்தில் இது எதற்கான பயிற்சி என்று முதல் வரியிலேயே இருக்க வேணும்.

பண்டாரவளை_ரூம்பாய் | ஜூன் 4, பகல் 1.30

என் கடிதத்திலும் இதே "நீடிக்கப்படலாம்"தான் இருந்தது. ஹோட்டல் பெயர் வேண்டாம். ஆறு மாதம் முடிந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, டியூட்டி ரோஸ்டரில் பெயர் வந்துகொண்டே இருந்தது. பதினான்கு மாதம் அதே கொடுப்பனவு. சர்விஸ் சார்ஜ் பங்கு கேட்டால் "நீ ட்ரெய்னிதானே" என்பாங்க.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 4, மாலை 6.45

ரூம்பாய் கேஸில் தப்பு நடந்தது ஏழாவது மாதத்தின் முதல் நாள். அன்றைக்கு அவர் கையில் செல்லுபடியாகும் கடிதம் ஒன்றுமில்லை, ஆனா வேலை செய்கிறார், ரோஸ்டரில் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு அவரைப் பயிலுனர் என்று சொல்ல ஹோட்டலிடம் ஒரு துண்டுப் பேப்பரும் கிடையாது. தம்பி, அந்த ரோஸ்டர் கொப்பி ஏதாவது இருந்தால் பத்திரமா வைங்க.

ஹட்டன் தம்பிக்குச் சொல்வது இதுதான். "ஆறு மாத காலம்" என்று எழுதாதீங்க. "2025.07.01 முதல் 2025.12.31 வரை, இரு தினங்களும் உட்பட" என்று எழுதுங்க. "அறிவித்தல் எதுவுமின்றி அத்திகதியில் தானாக முடிவுறும்" என்பதையும் சேருங்க. நீடிப்பதைப் பற்றி எழுதத்தான் வேணும் என்றால், "முடிவுத் திகதிக்கு முன் இரு தரப்பும் ஒப்பமிட்ட புதிய கடிதத்தால் மட்டும்" என்று கட்டிப் போடுங்க.

தேயிலைத்தூள் | ஜூன் 4, இரவு 7.10

சரி, நான் பின்வாங்குறேன், பாதி. ஆனா ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள். 180 நாள் தாண்டினால் ஆளை நிறுத்தத் தொழில் ஆணையாளரிடம் அனுமதி வேணும் என்று சொல்வாங்களே? டிசம்பர் 20க்கு முடித்தால் வேலை சுத்தம்.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 4, இரவு 9.30

அது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 180 நாள் கணக்கு அதில் இருப்பது உண்மை. அதை எண்ணும்போது போயா, லீவு நாட்களும் சேரும். ஆனா முந்தின ஆறு மாதத்தில் சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த இடத்துக்கு அந்தச் சட்டமே வராது. ஏழு பேர் ஆபீஸுக்கு அது தலையிடி இல்லை. பெரிய ஹோட்டல், தேயிலைக் கம்பனி என்றால் யோசிக்க வேணும். அங்கேயும், குறித்த திகதியில் தானாக முடிவதை நிறுத்தியதாக எடுப்பதா என்பது தனி வழக்கு. உண்மையான பயிற்சியா, இல்லை ஆளை மாற்றி மாற்றி ஆறு மாதம் வைத்திருக்கும் தந்திரமா என்று அப்போது தோண்டுவார்கள்.

நாள் குறைத்து விளையாடினால் பிள்ளைக்குத்தான் நட்டம். டிப்ளோமாவுக்கு ஆறு மாதம் முழுசாகக் காட்ட வேண்டுமென்றால் டிசம்பர் 20 கடிதத்தை அங்கே ஏற்க மாட்டாங்க.

பதிவேடு_மிஸ் | ஜூன் 5, காலை 10.50

பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கடைசி வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. "ஏனைய கடமைகளையும் செய்தல் வேண்டும்" என்று இருக்கிறது, என்ன படிக்கப் போகிறா என்று ஒரு சொல் இல்லை. இப்படிக் கடிதம் வந்த பிள்ளைகளின் தினப்பதிவேட்டைத் திறந்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: "போட்டோகொப்பி எடுத்தேன், பைல் அடுக்கினேன்." மேற்பார்வையாளர் ஆறு மாதக் கையெழுத்தையும் கடைசி நாளில் ஒரே பேனையால் போட்டிருப்பார். நாங்கள் மை நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிப்போம்.

நோக்கத்தை எழுதும்போது "கணக்கியல் அறிவைப் பெறுதல்" என்று எழுதாதீங்க, அதை அளக்க முடியாது. எந்த மாதத்தில், என்ன ஆவணத்தை, யாருடைய உதவி இல்லாமல் செய்ய வேணும் என்று எழுதுங்க. உங்கள் ஆபீஸ் மாதிரி இடத்துக்கு நான் போடச் சொல்வது: ஓகஸ்ட் முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளரின் காசேட்டையும் சில்லறைக் காசேட்டையும் பற்றுச்சீட்டிலிருந்து எழுதுவா. ஒக்டோபர் முடிவதற்குள் அதே வாடிக்கையாளருக்கு மூன்று மாத வங்கி இணக்கக் கூற்று, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்தோடு. டிசம்பருக்குள் பரீட்சை மீதியும் வரைவு இறுதிக் கணக்கும். இந்த மூன்றும் போதும், பத்துப் பன்னிரண்டு போட்டால் ஒன்றும் நடக்காது.

யார் பார்ப்பார் என்பதையும் பதவியோடு எழுதுங்க. வாரத்தில் ஒரு நாள் பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிடுவார் என்று இருந்தால் அவருக்கும் பொறுப்பு வரும்.

ஹட்டன்_ஆபீஸ் | ஜூன் 5, இரவு 8.15

மிஸ், ஒன்று மனம் விட்டுச் சொல்ல வேணும். ஏப்ரலில் எங்கள் கிளார்க் ஒருத்தர் கொழும்புக்குப் போய்விட்டார். பொஸ் நினைப்பது அந்தக் கதிரையில் இந்தப் பிள்ளையை உட்கார வைக்க.

தேயிலைத்தூள் | ஜூன் 5, இரவு 8.17

ஆஹா. பூனை சாக்கை விட்டு வெளியே வந்தாச்சு.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 5, இரவு 10.05

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு டைப் பண்ணியிருக்க மாட்டேன்.

காலியான கதிரையில், கிளார்க் செய்த அதே வேலையை, அதே நேரத்துக்கு, தனியாகச் செய்தால் அவ கிளார்க்தான். கடிதத்தில் என்ன பெயர் போட்டாலும் மாறாது. அப்போ 15,000 என்ற எண்ணும் நிற்காது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் இந்த ஏப்ரலிலிருந்து 27,000. அடுத்த ஜனவரியிலிருந்து 30,000. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்திச் செய்யும் உயர்வு இது. "பயிற்சிக் கொடுப்பனவு" என்று பெயர் வைத்து அதற்குக் கீழே கொடுப்பதைக் காப்பாற்றுவதற்கு உங்களிடம் இருக்கக் கூடிய ஒரே சாட்சி மிஸ் சொன்ன அந்தக் கற்றல் அட்டவணையும் பதிவேடும்தான். அதுவும் போதுமா என்பது கேள்விதான். என்னைக் கேட்டால் 27,000 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்வேன். இல்லையென்றால் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை மூலம் ஒப்பந்தம் பதிந்து எடுக்க முடியுமா என்று பாருங்க.

ஈ.பி.எஃப். பற்றித் தூள் சொன்னதும் தப்பு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பழகுநரையும் சேர்த்தேதான் பேசுகிறது. 15,000க்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளையிடமிருந்து 8 வீதம், அதாவது 1,200. ஆபீஸ் 12 வீதம், 1,800. அதற்கு மேல் ஈ.டி.எஃப். 3 வீதம், 450, அது முழுக்க ஆபீஸ் தலையில். கையில் வருவது 13,800 என்று கடிதத்திலேயே தெரிய வேணும். முதல் மாதச் சம்பளத்தில் 1,200 குறைந்ததைப் பார்த்துத்தான் பாதிச் சண்டை தொடங்கும்.

பண்டாரவளை_ரூம்பாய் | ஜூன் 6, காலை 6.20

பஸ் காசு, சாப்பாட்டுக் காசு என்று பிரித்துப் போட்டால் ஈ.பி.எஃப். வராதாமே? எங்க ஹோட்டலில் அப்படித்தான் எச்.ஆர். சொன்னாங்க.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 6, காலை 9.00

டிக்கெட்டைக் கொடுத்து அந்தக் காசைத் திரும்ப வாங்கினால் அது செலவு மீளளிப்பு. மாதா மாதம் மாறாத ஒரே தொகை, டிக்கெட் கேட்காமல் கொடுத்தால் அது சம்பளத்தின் துண்டு என்று சொல்ல இடமிருக்கு. ஹட்டன் தொழில் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்க. வாய்ப்பேச்சு அங்கேயும் வேண்டாம், அடுத்த மாதம் அந்த அதிகாரி இடம் மாறிப் போயிருப்பார்.

பதிவேடு_மிஸ் | ஜூன் 6, காலை 11.40

நான் பெரியவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். எல்லாருக்கும் 27,000 என்றால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சின்ன ஆபீஸ்கள் பயிற்சிக்கு எடுப்பதையே நிறுத்திவிடும். மஸ்கெலியாப் பிள்ளை கொழும்பில் அறை எடுத்துத்தான் பயிற்சி முடிக்க வேண்டி வரும். 15,000உம் சரி என்று சொல்லவில்லை.

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 6, பகல் 12.10

மிஸ் சொல்வது நியாயம். ஆனா சட்டம் ஹட்டனுக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று என்று எழுதப்படவில்லை.

ஹட்டன்_ஆபீஸ் | ஜூன் 12, இரவு 9.50

பொஸ்ஸோடு இரண்டு நாள் இழுபறி. புதுக் கிளார்க் ஒருத்தரை எடுக்கச் சம்மதித்தார், பிள்ளை அந்தக் கதிரைக்கு இல்லை. கொடுப்பனவு 20,000. பெரியவர் கோபிப்பார், தெரியும். இப்போ எழுதியது:

"இது தங்கள் டிப்ளோமாக் கற்கையின் அங்கமான பயிற்சிக்கான கடிதமாகும். பயிற்சி 2025.07.01 முதல் 2025.12.31 வரை, இரு தினங்களும் உட்பட நடைபெற்று, வேறு அறிவித்தலின்றி முடிவுறும். கற்றல் நோக்கங்கள் இணைப்பு 1இல் உள்ளன. சிரேஷ்ட கணக்காளர் தங்கள் பதிவேட்டை ஒவ்வொரு வெள்ளியும் பரிசீலித்து ஒப்பமிடுவார். மாதாந்தக் கொடுப்பனவு ரூபா 20,000. இதிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு ரூபா 1,600 கழிக்கப்பட்டு, மீதி ரூபா 18,400 அடுத்த மாதம் 10ஆம் திகதிக்கு முன் வங்கியில் வைப்பிலிடப்படும். பயிற்சி முடிந்ததும் இந்நிறுவனத்தில் தொழில் வழங்கப்படும் என்ற வாக்குறுதி எதுவும் இக்கடிதத்தாலோ வாய்மொழியாலோ அளிக்கப்படவில்லை. பின்னர் வெற்றிடம் ஏற்பட்டால் தாங்கள் ஏனையோரைப் போல் விண்ணப்பிக்கலாம். தொழில் வழங்கப்படாமை பயிற்சிச் சான்றிதழைப் பாதிக்காது."

கொட்டகலை_பெரியவர் | ஜூன் 13, காலை 7.30

20,000 பற்றி என் கருத்து மாறவில்லை. மற்றது நல்லா இருக்கு. "வாய்மொழியாலோ" போட்டது புத்திசாலித்தனம். ஆனா அதைப் போட்ட பிறகு பொஸ் தேத்தண்ணி நேரத்தில் "நல்லா செய், உன்னை வெச்சிக்கிறேன்" என்று சொல்லாமல் வாயைக் கட்ட வேணும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எழுத்து.

இரண்டு சின்ன விசயம். வராத நாளுக்குக் காசு வெட்டுவீங்களா, எப்படி என்று இல்லை. இடையில் விலகினால் எத்தனை நாள் முன்னே சொல்ல வேணும் என்றும் இல்லை. ஏழு நாள், இரு பக்கத்துக்கும் ஒன்றே, போதும்.

பசறை_பொண்ணு | ஜூன் 13, காலை 8.05

கடிதம் தமிழில் கொடுப்பீங்களா? எங்க பக்கத்தில் எல்லாம் இங்கிலீசில் வரும், கையெழுத்துப் போடு என்பாங்க, போட்டுவிட்டு வருவோம்.

ஹட்டன்_ஆபீஸ் | ஜூன் 13, காலை 8.30

தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரின் சுருக்கொப்பம். முரண் வந்தால் தமிழ் என்று எழுதப் போனேன், பொஸ் ஆங்கிலம் என்கிறார். அது இன்னும் முடியவில்லை.

ஹட்டன்_ஆபீஸ் | டிசம்பர் 17, இரவு 8.20

பழைய இழையைத் தூசு தட்டுறேன். டித்வா புயலுக்குப் பிறகு மண்சரிவில் பாதை மூடி, பிள்ளை நவம்பர் 28இலிருந்து இரண்டு கிழமை வரவில்லை. இறுதிக் கணக்கு வரைவு மிச்சம். பொஸ் "ஜனவரியில் ஒரு ரெண்டு கிழமை வரட்டும், என்ன கடிதம் கிடிதம்" என்கிறார். வராத நாளுக்கு வெட்டவும் பார்க்கிறார்.

கொட்டகலை_பெரியவர் | டிசம்பர் 17, இரவு 9.40

முதலில் பிள்ளையும் வீடும் நலமா என்று சொல்லுங்க.

வெட்டுவது பற்றி அப்போதே எழுதச் சொன்னேன். எழுதாததால் இப்போ வெட்ட உங்களிடம் வரி இல்லை. விட்டுவிடுங்க.

ஜனவரி 1ஆம் திகதி கடிதமில்லாமல் ஆபீஸ் படி ஏறினால் ரூம்பாய் கதைதான். டிசம்பர் 31க்கு முன் அரைப் பக்கக் கடிதம் ஒன்று: பாதை மூடியதால் தவறிய காலத்துக்குப் பதிலாக, இணைப்பு 1இன் மூன்றாவது நோக்கத்தை முடிப்பதற்காக மட்டும், 2026.01.01 முதல் 2026.01.14 வரை. மற்ற நிபந்தனைகள், தொழில் வாக்குறுதி இல்லை என்பது உட்பட, மாறாது. காரணம் எழுதியிருப்பதால் அது பயிற்சியின் மிச்சம் என்று தெரியும். ஜனவரியில் குறைந்தபட்சம் 30,000 ஆகிறது என்பதைப் பொஸ்ஸுக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துங்க.

ஹட்டன்_ஆபீஸ் | டிசம்பர் 18, காலை 7.50

வீட்டுச் சுவரில் வெடிப்பு, ஆட்கள் நலம். இரண்டு கிழமையும் ஸ்கூலில் இருந்தாங்க. வெட்டவில்லை.

ஹட்டன்_ஆபீஸ் | 2026 ஜனவரி 16, பகல் 12.30

14ஆம் திகதி சான்றிதழும் கொடுத்தாச்சு, பதிவேட்டில் மையும் வெள்ளிக்கு வெள்ளி வேறு நிறம். இப்போ புதுக் கூத்து. ஜூலையில் எடுத்த கிளார்க் விலகிட்டார், பொஸ் அந்தப் பிள்ளையையே 19ஆம் திகதியிலிருந்து வேலைக்கு எடுக்கிறார். பழைய கடிதத்தை நீடித்தால் சரியா என்று கேட்கிறார்.

தேயிலைத்தூள் | ஜனவரி 16, பகல் 12.41

உத்தரவாதம் இல்லை என்று ஆறு மாதம் எழுதி எழுதிக் கடைசியில் வேலை கொடுத்த முதல் ஆபீஸ்.

கொட்டகலை_பெரியவர் | ஜனவரி 16, மாலை 5.15

நீடிக்கக் கூடாது. புதிய நியமனக் கடிதம், புதிய திகதி, பதவிப் பெயர் கிளார்க். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சம்பளம், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம், விலகும் நிபந்தனை எல்லாம் அதில் இருக்க வேணும். சம்பளம் 30,000க்குக் கீழே போகாது, இந்தத் தடவை வாதாட ஒன்றுமில்லை.

தகுதிகாண் காலம் ஆறு மாதம் போடப் பார்ப்பார். ஆறரை மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்த பிள்ளைக்கு இன்னும் என்ன பார்க்க இருக்கு என்று கேளுங்க.

பதிவேடு_மிஸ் | ஜனவரி 16, இரவு 7.00

மூன்று மாதம் போடட்டும். பிறகு அந்தப் பயிற்சிக் கடிதத்தின் கொப்பி ஒன்று பெயரை அழித்து எனக்கு அனுப்புங்க தம்பி, மார்ச்சில் அடுத்த அணி போகுது.